‘அல்ல’, ‘தவிர’, ‘பொருந்தாதது’: தெரிந்த கேள்வியில் மதிப்பெண் போவது எங்கே, சரிசெய்வது எப்படி

குரூப் 4 எழுதப் போகிறவர்களுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். மாதிரித் தேர்வு முடிந்து விடைக்குறிப்பை வைத்துத் திருத்தும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வரி உண்டு: “அண்ணா, இது எனக்கு நல்லாத் தெரியும்ணா. எப்படித் தப்பாச்சுன்னே தெரியலை.” அந்தக் கேள்வியை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ‘தவறான இணை’ என்றோ, ‘பொருந்தாதது’ என்றோ, ‘தவிர’ என்றோ ஒரு சொல் இருக்கும்.

இந்த வகைக் கேள்வியில் தவறு ஒரே மாதிரி நடப்பதில்லை. ஐந்தாறு விதமாக நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில்: தெரியாமல் போனதா, தவறிப் போனதா?

கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வின் தாளை எடுத்து, எதிர்மறைக் கேள்விகளில் தவறானவற்றை மட்டும் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் வினா வரியை ஓர் அட்டையால் மூடிவிடுங்கள். வெறும் நான்கு விடைகளை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி என்றால் ‘ச’, தவறு என்றால் ‘த’ என்று எழுதுங்கள். விடைக்குறிப்பைப் பார்க்கக் கூடாது.

நான்கு எழுத்தும் சரியாக வந்தால் பாடம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் வழுக்கியிருக்கிறீர்கள். எழுத்துகளே தவறாக வந்தால் அது பாடக் குறை, அதற்குப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் ‘கவனமாகப் படிக்கணும்’ என்று சொல்லிக்கொள்வதில் பயன் இல்லை. என்னிடம் படிக்கும் தங்கை ஒருத்தி போன மாதம் இப்படிப் பிரித்துப் பார்த்தாள். எதிர்மறைக் கேள்விகளில் நான்கு போயிருந்தன. மூன்றில் அவள் போட்ட ச, த எழுத்துகள் அத்தனையும் சரி. ஒன்றில் மட்டும்தான் பாடம் தெரியவில்லை. அந்த மூன்று கேள்விக்காக அவள் ஒரு வாரமாக அரசியலமைப்புப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அறிகுறி: சரியான வரியைப் பார்த்ததும் கை அதற்கே போய்விடுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. ஒரு கேள்வி:

தவறான இணையைத் தேர்ந்தெடுக்க.
(அ) சிலப்பதிகாரம் – இளங்கோவடிகள்
(ஆ) மணிமேகலை – சீத்தலைச் சாத்தனார்
(இ) சீவக சிந்தாமணி – திருத்தக்கதேவர்
(ஈ) வளையாபதி – நாதகுத்தனார்

‘சிலப்பதிகாரம் – இளங்கோவடிகள்’ பள்ளியிலிருந்தே மனப்பாடம். கண் பட்டதும் உள்ளே ஒரு ‘ஆமாம்’ எழுகிறது. வழக்கமாக இந்த ‘ஆமாம்’ வந்தால் அதுதான் விடை என்று பழகிய கை, (அ)வுக்குப் போய்விடுகிறது. விடை (ஈ). நாதகுத்தனார் இயற்றியது குண்டலகேசி. வளையாபதியின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

வினாவின் முதல் சொல்லே ‘தவறான’ என்று இருந்தும் இது நடக்கிறது. அந்தச் சொல் கடைசியில் இருந்தால் இன்னும் மோசம். தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வரும், எதிர்மறையும் அதோடு சேர்ந்து கடைசிக்குப் போய்விடும். ‘பின்வருவனவற்றுள் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசமைப்பில் இடம்பெறாதது எது?’ என்ற வரியில் ‘அடிப்படைக் கடமை’ வரைக்கும் படித்த உடனே தலைப்பு புரிந்துவிடுகிறது, கண் விடைகளுக்குத் தாவிவிடுகிறது. கேள்வியைத் திருப்பிப் போடும் சொல்லோ வாலில் இருக்கிறது. அதிலும் ‘இடம்பெற்றது’, ‘இடம்பெறாதது’ இரண்டுக்கும் முன்பாதி ஒன்றேதான்.

தமிழ்ப் பகுதிக்காகப் படித்த பகுபத உறுப்பிலக்கணம் இங்கே நேரடியாக உதவும். பொருந்து + ஆ + த் + அது. எதிர்மறை இடைநிலைகள் ஆ, அல், இல் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். வினாவில் உங்கள் கண் தேட வேண்டியது அந்த ‘ஆ’வைத்தான்: பொருந்தாதது, சேராதது, இடம்பெறாதது. ‘பொருந்தாச் சொல்லைக் கண்டறிக’ என்று வந்தால் ‘த’வும் விழுந்துவிடுகிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆனால் அதன் பின்னால் வல்லினம் மிகும் என்பதால் ‘ச்’ என்ற ஒற்று அங்கே நிற்கும். ‘பொருந்தும் சொல்’ என்பதில் அந்த ஒற்று வராது. புள்ளி வைத்த அந்த ஒரு எழுத்தைப் பிடித்தாலே போதும், கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்யும் முறை இதுதான். வினாவை வழக்கம்போலப் படியுங்கள். விடைகளுக்குப் போகும் முன் கடைசி மூன்று சொற்களுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். அங்கே ‘ஆதது’, ‘அல்ல’, ‘அன்று’, ‘இல்லை’, ‘தவறான’ ஏதாவது இருந்தால், வினா எண்ணையும் ‘த’ என்ற எழுத்தையும் எழுதி அந்த ‘த’வைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். நான் தேடுவது தவறு என்று அதற்குப் பொருள். எழுதி முடித்த பிறகு வினாவை மறந்துவிடலாம். அதுதான் இந்த முறையின் வசதி. நான்கு விடைகளையும் தனித்தனியாக, உண்மையா பொய்யா என்று மட்டும் பார்த்து எழுத்துப் போடுங்கள். மேலே உள்ள கேள்வி 47ஆம் வினா என்றால் உங்கள் குறிப்பு இப்படி இருக்கும்:

47 (த) : ச ச ச த

வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து வரிசையில் எங்கே வருகிறதோ அது விடை. நான்காவது இடம், ஆகவே (ஈ).

எங்கே எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வினாத்தாளிலேயே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் டிக் போடுங்கள்’ என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. வினாத்தொகுப்பின் முகப்பு அறிவுரையில், விடைகளை வினாத்தொகுப்பில் குறியிடக் கூடாது என்றே இருக்கும். குறிப்பு எழுதிப் பார்க்கக் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய காலி இடத்தைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அதனால் மேலே சொன்ன வரியை அந்தப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். மாதிரித் தேர்விலும் அப்படியே பழகுங்கள். வீட்டில் வினாத்தாளில் டிக் போட்டுப் பழகியவருக்குத் தேர்வு அறையில் அந்த வசதி இல்லாதபோது கை தடுமாறும்.

நேரம் போகாதா என்று கேட்பார்கள். 3 மணி நேரத்தில் 200 வினா, ஒன்றுக்கு 54 விநாடி. ஐந்து எழுத்தும் ஓர் எண்ணும் எழுத நான்கைந்து விநாடி ஆகும். எல்லா வினாவுக்கும் இதைச் செய்ய வேண்டாம், எதிர்மறை வினாவுக்கு மட்டும். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த நான்கைந்து விநாடியை நான் தாராளமாகக் கொடுப்பேன்.

அறிகுறி: வாலைப் பார்த்தேன், ‘அல்ல’ எதுவும் இல்லை, ஆனாலும் தவறிவிட்டது

அப்படியானால் அந்த வினாவில் ‘தவிர’ இருந்திருக்கும். இது மட்டும் வாலில் வராது, நடுவில் வரும்.

பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை இன்று அடிப்படை உரிமைகளாக உள்ளன. அந்த ஒன்று எது?
(அ) சமத்துவ உரிமை
(ஆ) சுதந்திர உரிமை
(இ) சொத்துரிமை
(ஈ) சுரண்டலுக்கு எதிரான உரிமை

இதில் வினைமுற்று ‘உள்ளன’. உடன்பாடு. வாலை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் நேராகவே தெரியும். ‘தவிர’ என்ற சொல் வாக்கியத்தை இரண்டாக வெட்டுகிறது: தவிரவுக்கு முன்னால் இருப்பது விலக்கு, பின்னால் இருப்பது விதி. விதியை முதலில் சொல்லிப் பாருங்கள்: ‘மூன்று, அடிப்படை உரிமை.’ பிறகு விலக்கு: ‘ஒன்று, இல்லை.’ அந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள், ஆகவே இங்கேயும் வட்டத்துக்குள் ‘த’. இப்போது எழுத்துப் போட்டால் ச ச த ச. சொத்துரிமையை 1978இல் 44ஆவது திருத்தம் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. இப்போது அது 300ஏ பிரிவின் கீழ் ஒரு சட்ட உரிமை.

இந்த வினாவில் (ஈ)யை நிழலிட்டு வந்தவர்கள் உண்டு. ‘எதிரான’ என்ற சொல் எதிர்மறையைத் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு இரையாகிவிட்டது. இதை அடுத்த அறிகுறியில் விரிவாகப் பார்க்கலாம்.

பொது அறிவுப் பகுதியில் இன்னொரு துணை உண்டு. வினா தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். தமிழ் வரி நீளமாகி ‘தவிர’ எதோடு சேருகிறது என்று புரியவில்லை என்றால், ஆங்கில வரியைப் பார்த்து எது விலக்கு என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்ப் பகுதியில் இந்த வசதி கிடையாது.

அறிகுறி: விடைக்குள்ளேயே ‘இல்லை’ வந்தால் தலை சுற்றுகிறது

குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய கூற்றுகளுள் சரியல்லாதது எது?
(அ) வேட்பாளருக்கு 35 வயது நிறைவடைந்திருக்க வேண்டும்
(ஆ) தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பர்
(இ) மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர்கள் வாக்களிப்பதில்லை
(ஈ) நாடாளுமன்ற நியமன உறுப்பினர்கள் வாக்களிப்பர்

இதை வகுப்பில் கொடுத்தபோது பலர் (இ) என்றார்கள். ஏன் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. மேலவை உறுப்பினர்களுக்கு வாக்கு கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் (இ) உண்மை. உண்மையான கூற்றைச் ‘சரியல்லாதது’ என்று ஏன் எடுத்தார்கள்? வினாவில் ‘அல்லாதது’, விடையில் ‘இல்லை’. இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. நான்கில் எதிர்மறையாக ஒலிக்கும் ஒரே வரி அதுதான், அதனால் எதிர்மறை வினாவுக்கு அதுவே விடை போலத் தோன்றுகிறது.

சில பேர் வேறு மாதிரி விழுகிறார்கள். ‘வாக்களிப்பதில்லை என்பது சரியல்ல என்றால் வாக்களிப்பார்கள் என்று ஆகிறது, அது தவறு, அப்படியானால்…’ என்று மூன்று எதிர்மறையை மனத்துக்குள் பெருக்கிப் பார்க்கிறார்கள். 54 விநாடியில் இதைச் செய்யவே கூடாது.

இதற்கு மருந்து, கூற்றைக் கேள்வியாக மாற்றுவது. (இ)யில் உள்ள ‘இல்லை’யை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: மேலவை உறுப்பினர்கள் வாக்களிப்பார்களா? நமக்குத் தெரிந்த பதில்: மாட்டார்கள். இப்போது கூற்றைப் பாருங்கள், அதுவும் மாட்டார்கள் என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகிறது, ஆகவே ‘ச’. அடுத்தது (ஈ). நியமன உறுப்பினர்கள் வாக்களிப்பார்களா? மாட்டார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வாக்கு. கூற்று வாக்களிப்பர் என்கிறது. ஒத்துப்போகவில்லை, ‘த’. வரிசை ச ச ச த, வட்டத்தில் த, விடை (ஈ).

முக்கியமானது, எழுத்துப் போடும்போது வினா வரியைத் திரும்பப் பார்க்காமல் இருப்பது. ஆரம்பத்தில் அந்த வரியின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொள்ளச் சொல்வேன். வினாவின் எதிர்மறை ஏற்கெனவே வட்டத்துக்குள் போய்விட்டது. கூற்றின் எதிர்மறையை அந்தக் கூற்றோடேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்தால்தான் குழப்பம்.

அறிகுறி: ‘1 மற்றும் 2 மட்டும்’ போன்ற விடைகளில் நேர் எதிர் விடையை எடுத்துவிடுகிறேன்

மாநிலங்களவை பற்றிய கூற்றுகளுள் தவறானது எது / தவறானவை எவை?
1. இது கலைக்கப்பட முடியாத அவை.
2. உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள்.
3. உறுப்பினராக 35 வயது நிறைவடைந்திருக்க வேண்டும்.
(அ) 1 மட்டும்
(ஆ) 1 மற்றும் 2 மட்டும்
(இ) 3 மட்டும்
(ஈ) 2 மற்றும் 3 மட்டும்

படித்துக்கொண்டே வருகிறோம். 1 சரி. 2 சரி. 3… வயது 30 தானே, தவறு. மனத்தில் நிற்பது எது? ‘1, 2 சரி.’ விடைகளைப் பார்த்தால் (ஆ)வில் அதே ‘1 மற்றும் 2’ தயாராக இருக்கிறது. கை போய்விடுகிறது. விடை (இ).

வினா அமைப்பவர் வேண்டுமென்றேதான் (ஆ)வை வைத்திருக்கிறார். தவறானவற்றின் கூட்டம் ஒரு விடையில் இருந்தால், சரியானவற்றின் கூட்டம் இன்னொரு விடையில் பெரும்பாலும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வது பயனுள்ளது. நீங்கள் எடுத்த விடையில் இல்லாத எண்களை மட்டும் கொண்ட இன்னொரு விடை இருக்கிறதா என்று பாருங்கள். (இ) 3 மட்டும், (ஆ) 1 மற்றும் 2. இரண்டும் சேர்ந்தால் மூன்று கூற்றும் முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு சோடி தெரிந்தால் அங்கே ஒரு நொடி நின்று, வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரும்பப் பாருங்கள்.

குறிப்பு எழுதும்போதும் இங்கே ஒரு படி கூடுதல். எழுத்து வரிசையோடு நிறுத்தாமல், தேடிய எழுத்து விழுந்த எண்களை எடுத்து எழுதிவிடுங்கள்:

62 (த) : ச ச த → 3

அதற்குப் பிறகுதான் (அ), (ஆ), (இ), (ஈ) பக்கம் கண்ணைத் திருப்ப வேண்டும். ‘3’ என்று எழுதிவிட்டுத் தேடுபவர் ‘1 மற்றும் 2’ஐ எடுக்க மாட்டார்.

இதே வகையில் இன்னொரு குழி, ‘இரண்டும்’, ‘எதுவுமில்லை’ என்ற விடைகள். கூற்று 1: மொழிவாரி மாநிலச் சீரமைப்பு 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கூற்று 2: சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. வினா, தவறானது எது? விடைகளில் ‘1, 2 இரண்டும்’ என்று ஒன்று, ‘இவற்றுள் எதுவுமில்லை’ என்று ஒன்று. இரண்டு கூற்றும் உண்மை என்று தெரிந்தவர் மகிழ்ச்சியோடு ‘இரண்டும்’ என்று போட்டுவிடுகிறார். தவறு இரண்டும் என்று சொல்லிவிட்டோம் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைக்கிறது. குறிப்பில் ‘(த) : ச ச → ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தால் விடை தானாகக் கிடைத்திருக்கும்.

அறிகுறி: பொருந்தாதது இரண்டு இருக்கிற மாதிரி தெரிகிறது

பொருந்தாததைக் கண்டறிக.
(அ) பெரியாழ்வார்
(ஆ) ஆண்டாள்
(இ) நம்மாழ்வார்
(ஈ) மாணிக்கவாசகர்

நால்வரில் ஒருவர்தான் பெண், ஆகவே ஆண்டாள். நால்வரில் ஒருவர்தான் சைவர், ஆகவே மாணிக்கவாசகர். இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது. இங்கே ச, த எழுத்து வேலை செய்யாது. பெயர்களில் சரி, தவறு என்று எதுவும் இல்லையே. ‘பொருந்தாதது’ வகையை அதனால்தான் தனியாகப் பழக வேண்டும் என்று சொல்கிறேன்.

விலகி நிற்கும் ஒன்றைத் தேடாதீர்கள். சேர்ந்து நிற்கும் மூன்றைத் தேடுங்கள். ஆண்டாளை எடுத்துவிட்டால் மிச்சம் பெரியாழ்வார், நம்மாழ்வார், மாணிக்கவாசகர். இந்த மூவருக்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பொதுப்பெயர் உண்டா? ஆண்கள் என்பதைத் தவிர வேறு இல்லை. மாணிக்கவாசகரை எடுத்தால் மிச்ச மூவரும் ஆழ்வார்கள். பன்னிரு ஆழ்வார் பட்டியலிலேயே மூன்று பெயரும் இருக்கின்றன. மிச்ச மூன்றுக்கும் பாடத்தில் ஒரு தலைப்பு கிடைக்கிறது என்றால் விடை அதுதான். பாலினம், எழுத்து எண்ணிக்கை, பெயரின் ஒலி போன்றவை பாடத் தலைப்பாக வராத வரை அவற்றை நம்ப வேண்டாம்.

எழுத்தே பாடமாக வரும் இடமும் உண்டு. பூ, தீ, நொ, கை. நான்குமே ஓரெழுத்து ஒருமொழி, அந்த வகையில் யாரும் விலகவில்லை. அடுத்த நிலைக்கு இறங்க வேண்டும். ஓரெழுத்து ஒருமொழி 42 என்றும், அவற்றில் நொ, து இரண்டு மட்டும் குறில் என்றும் படித்திருக்கிறோம். மற்ற மூன்றும் நெடில். மிச்ச மூன்றுக்கு ‘நெடில்’ என்ற தலைப்பு கிடைக்கிறது. விடை நொ.

அறிகுறி: எதிர்மறைக் கேள்விக்கு அடுத்த நேர்க் கேள்வி தவறிவிடுகிறது

வரிசையாக இரண்டு மூன்று ‘தவறான இணை’ வந்தால் கண் தவறைத் தேடிப் பழகிவிடுகிறது. அடுத்து ‘சரியான இணை’ வரும்போது முதலில் கண்ணில் பட்ட தவறான இணையை எடுத்துவிடுகிறோம். உங்கள் தாளில் தவறிய நேர்க் கேள்விகளுக்கு முந்தைய எண்ணைப் பாருங்கள், அது எதிர்மறையாக இருந்தால் இதுதான் காரணம். தொடர்ந்து வரும் இணைக் கேள்விகளுக்கு மட்டும் ‘சரியான’ என்று வந்தாலும் வட்டம் போட்டுவிடுங்கள், உள்ளே ‘ச’ என்று எழுதி. வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: நான்கில் இரண்டுதான் தெரிகிறது

இது வழுக்கல் இல்லை, ஆனாலும் எதிர்மறைக் கேள்வியில் இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நேர்க் கேள்வியில் தெரிந்த ஒரு ‘ச’ போதும், முடிந்தது. இதில் தெரிந்த ஒவ்வொரு ‘ச’வும் ஒரு விடையை வெளியேற்றுகிறது.

காவிரியின் துணையாறு அல்லாதது: (அ) பவானி (ஆ) அமராவதி (இ) நொய்யல் (ஈ) சிற்றாறு. பவானியும் அமராவதியும் தெரியும், மற்ற இரண்டும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் ‘ச ச ? ?’ என்று எழுதுங்கள். கேள்விக்குறியைத் ‘த’ என்று எழுதிவிடக் கூடாது. தெரியாததைத் தவறு என்று நினைப்பதுதான் இங்கே வரும் பெரிய ஆபத்து. கேள்வியே தவறைத் தேடச் சொல்கிறது, பழக்கமில்லாத பெயர் உடனே தவறு போலத் தோன்றும். அதற்குப் பதில், அந்த இரண்டைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேளுங்கள். நொய்யல் என்றால் கோவை, திருப்பூர். சிற்றாறு என்றால் குற்றாலம், தென்காசி. கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் தண்ணீர் காவிரிக்குப் போக வழி இருக்கிறது. தென்காசித் தண்ணீர் காவிரிக்கு வர வழியே இல்லை, அது தாமிரபரணியில் சேர்கிறது. விடை (ஈ).

அப்படி எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் நான்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது. குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை என்பதால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாம், ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்துக்குப் போகத் தேவையில்லை. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். அங்கேயும் இரண்டாகக் குறைந்த பிறகு எடுப்பது நட்டமான கணக்கு இல்லை. நான்கும் ‘?’ என்றால் அங்கே விட்டுவிடலாம்.

எல்லாம் செய்தும் வரிசையில் இரண்டு ‘த’ வருகிறது

முதலில் வினாவின் வாலுக்குத் திரும்புங்கள், ‘சரியான’ என்பதை நீங்கள் ‘தவறான’ என்று எடுத்திருக்கலாம். வட்டம் சரி என்றால், இரண்டு ‘த’வில் எது புத்தக வரியை நினைவில் வைத்துப் போட்டது, எது ‘இப்படி இருக்காதே’ என்ற எண்ணத்தில் போட்டது என்று பாருங்கள். புத்தக வரி நினைவிருக்கும் ‘த’வை எடுங்கள். அந்த இன்னொரு கூற்றில் ‘மட்டும்’, ‘எல்லா’, ‘எப்போதும்’ இருந்து, அதைப் பார்த்துப் பயந்து ‘த’ போட்டிருந்தால் அதை ‘?’ ஆக்கிவிடுங்கள்.

இரண்டுக்குமே புத்தக வரி உறுதியாக நினைவிருக்கிறது என்றால் வினாவிலேயே பிழை இருக்கலாம். அதற்காக அங்கேயே நிற்க வேண்டாம். ஒன்றை நிழலிட்டுவிட்டு, வினா எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். கறுப்பு மை பால்பாயிண்ட் பேனாவில் போட்ட வட்டத்தைத் திரும்பி வந்து மாற்றவும் முடியாது. உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கத் தேர்வாணைய இணையதளத்தில் நாள் குறித்து வாய்ப்புக் கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தின் வகுப்பு, பதிப்பு, பக்க எண்ணோடு அந்த இரண்டு வரியையும் எடுத்து அங்கே பதிவு செய்யுங்கள்.